10 கிலோவுக்கு எத்தனை போத்தல்?

ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவுப் போத்தல்கள். 10 கிலோ விளாம்பழ ஜாமை ஊற்றினால் 21 போத்தலோடு வேலை முடிந்துவிடுகிறது. அதே 10 கிலோ தேசிக்காய் ஊறுகாய்க்கு 26 போத்தல் கேட்கிறது. வீட்டில் செய்து மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். போத்தல் குறைந்தால், கொதித்த ஜாம் தாச்சியிலேயே ஆறி இறுகத் தொடங்கிவிடும். கூடினால், போத்தலுக்குக் கொடுத்த காசு மூலையில் முடங்கிக் கிடக்கும். ஆகவே அடுப்பு மூட்டுவதற்கு முன்பே எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும்.

குழப்பம் கடையிலேயே தொடங்கிவிடுகிறது.

"தம்பி, இது எத்தனையாம் நம்பர் போத்தல்?"

"நானூற்றைம்பது, அக்கா."

450 என்ன? கிராமா, மில்லிலீற்றரா? அக்கா கேட்பதில்லை, தம்பியும் சொல்வதில்லை. பெரும்பாலும் அது ஜாமின் எடை. அந்தப் போத்தலில் 450 கிராம் ஜாம் பிடிக்கும் என்பதே அந்த எண்ணுக்குப் பொருள். தண்ணீர் ஊற்றினால் ஏறத்தாழ 370 மில்லிலீற்றர்தான் கொள்ளும். போத்தலுக்குச் சொந்தமானது கொள்ளளவு. எடை உள்ளே போகும் பண்டத்துக்குச் சொந்தமானது. ஜாமில் மூன்றில் இரண்டு பங்கு சீனி என்பதால் அது கனமானது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ; ஒரு லீற்றர் ஜாம் ஏறத்தாழ 1.3 கிலோ. உப்பும் சாறும் தோலும் கலந்த தேசிக்காய் ஊறுகாய் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

எனவே நமக்குத் தேவையான கணக்கு ஒரே ஒரு வரி:

போத்தல் எண்ணிக்கை = கையிலிருக்கும் எடை ÷ ஒரு போத்தலில் அடங்கும் எடை

முதல் எடையைத் தராசு சொல்லிவிடும். இரண்டாவதைக் கண்டுபிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன், போத்தலில் எவ்வளவு இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்பது தெரிய வேண்டும்.

போத்தலின் விளிம்புக்கும் உள்ளிருக்கும் பண்டத்தின் மேல்மட்டத்துக்கும் இடையே விடும் வெற்றிடத்தை இங்கே மேல்வெளி என்று சொல்கிறேன். ஜாமுக்கு 6 மில்லிமீற்றர், ஊறுகாய்க்கு 12 மில்லிமீற்றர் என்பது வழக்கமான அளவு. ஒன்றுக்கு மற்றது இரு மடங்காக இருப்பதற்குக் காரணம் உண்டு.

ஜாமை நாம் அது அதிகச் சூட்டில் இருக்கும்போதே ஊற்றுகிறோம். 85 பாகை அளவில் ஊற்றி உடனே மூடிவிட்டால், அதன் பிறகு அது ஆறிச் சுருங்க மட்டுமே முடியும். மேல்வெளியில் அடைபட்ட சூடான காற்றும் நீராவியும் சேர்ந்து சுருங்கும்போது மூடி உள்நோக்கி இழுபடும். நல்ல மூடியின் நடுப்பகுதி சற்றுக் குழிந்து, விரலால் அழுத்தினால் அசையாமல் நிற்பது அதனால்தான். ஆகவே ஜாமுக்குக் கொஞ்சம் இடம் போதும். அதையும் விடாமல் விளிம்பு வரை ஊற்றினால் ஜாம் மூடியின் புரியில் ஏறி ஒட்டிக்கொள்ளும், மூடி சரியாக இறுகாது. அடுத்த நாள் காலை எறும்பு வரிசை எந்தப் போத்தலைச் சுற்றி நிற்கிறதோ, அதுதான் சரியாக மூடாத போத்தல்.

ஊறுகாயை ஆறிய நிலையில் போடுகிறோம். அதன் பயணம் எதிர்த்திசையில். வெயில் படும் கடைத் தட்டிலோ, கொழும்புக்குப் போகும் பஸ்ஸின் சரக்கறையிலோ சூடேறும்போது அது விரியும். சரியாக ஊறி முடியாத ஊறுகாய் புளித்து வாயுவையும் விடும். விரிய இடமில்லாவிட்டால் சாறு மூடியின் ஓரத்தால் கசியும். இன்னொன்று, தேசிச்சாறும் உப்பும் சேர்ந்தால் தகர மூடியை அரித்துவிடும். மூடியின் உட்பூச்சில் கீறல் இருந்தால் சில வாரங்களிலேயே துரு தெரியும். ஊறுகாய் மூடியைத் தொடாமல் இருக்கவும் அந்த 12 மில்லிமீற்றர் உதவுகிறது.

அதற்காக அளவுக்கு மீறியும் விடக்கூடாது. உள்ளே அடைபடும் காற்று கூடினால் ஜாமின் மேற்பரப்பு கறுக்கும், பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். வாங்குகிறவர் கண்ணுக்கும் போத்தல் குறையாகத் தெரியும். கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரநிலையில் ஜாமுக்குச் சொல்லப்பட்டிருப்பது, போத்தலின் தண்ணீர்க் கொள்ளளவில் 90 சதவீதமாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது. தேவையான மேல்வெளிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஊறுகாய்க்கும் இதையே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இனி அளப்போம். தேவையானவை ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, ஓர் ஈர்க்கு, ஓர் அடிமட்டம். ஈர்க்கின் நுனியிலிருந்து 6 மில்லிமீற்றரில் ஒரு கீறல், 12 மில்லிமீற்றரில் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் போத்தலை மூடியில்லாமல் தராசில் வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 205 கிராம். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள்: 575 கிராம். வித்தியாசம் 370 கிராம். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லிலீற்றர் என்பதால் கொள்ளளவு 370 மில்லிலீற்றர். இனி ஈர்க்கை விளிம்போடு பிடித்துக்கொண்டு, தண்ணீர் 6 மில்லிமீற்றர் கீறலுக்கு இறங்கும் வரை கரண்டியால் எடுங்கள். தராசு 561 காட்டுகிறது. அதாவது 356 மில்லிலீற்றர். இன்னும் எடுத்து 12 மில்லிமீற்றருக்கு வந்தால் 547. அதாவது 342 மில்லிலீற்றர். இந்த இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். ஜாமுக்கு 356, ஊறுகாய்க்கு 342. ஒரு போத்தலோடு நிறுத்தாமல் மூன்று நான்கு போத்தல்களை அளந்து பார்ப்பது நல்லது. புதிய போத்தல்களில் வித்தியாசம் ஓரிரு மில்லிலீற்றர்தான் இருக்கும். பழைய போத்தல் வாங்கிக் கழுவிப் பாவிப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு போத்தல்கள் 20 மில்லிலீற்றர் வேறுபடலாம். போத்தல் பழையதானாலும் மூடி புதியதாக இருக்கட்டும்.

அடுத்தது பண்டத்தின் கனம். அதே போத்தலை அதே கோடு வரை நிரப்பி நிறுத்துப் பாருங்கள். ஜாமை ஊற்றும் சூட்டிலேயே நிறுக்க வேண்டும் (போத்தலும் சூடாக இருக்கட்டும், குளிர்ந்த கண்ணாடி வெடித்துவிடும்). போத்தலின் எடையைக் கழித்தபின் 459 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 459-ஐ 356-ஆல் வகுத்தால் 1.29. அதே முறையில் ஊறுகாய் 376 கிராம் வந்தால், 342-ஆல் வகுக்க 1.10 கிடைக்கும். இது தண்ணீரைவிடப் பண்டம் எத்தனை மடங்கு கனம் என்பதைச் சொல்லும் எண். உங்கள் செய்முறை மாறாத வரை இதுவும் பெரிதாக மாறாது. மற்றவர்களின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்; எண்ணெய் அதிகம் விட்ட மாங்காய் ஊறுகாய்க்கும் உப்பில் ஊறிய தேசிக்காய்க்கும் இது வேறாகத்தான் இருக்கும்.

சூட்டில் நிறுக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆறும்போது ஜாமின் எடை குறைவதில்லை, கனவளவுதான் இரண்டு மூன்று சதவீதம் சுருங்குகிறது. ஆறிய ஜாமை அளந்தால் 1.32 போல வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு சுடச்சுட ஊற்றினால், நீங்கள் நினைத்த எடை போத்தலுக்குள் அடங்காது. இதனால்தான் நேற்று ஊற்றியபோது கழுத்து வரை நின்ற ஜாம் இன்று காலை கொஞ்சம் இறங்கி நிற்கிறது. யாரும் திறந்து எடுக்கவில்லை, சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ஜாம் கணக்கு. தாச்சியில் 10 கிலோ ஜாம் இருக்கிறது. அத்தனையும் போத்தலுக்குள் போகாது. தாச்சியிலும் அகப்பையிலும் புனலிலும் ஒட்டிக்கொள்வதற்கு 2 சதவீதம், அதாவது 200 கிராம் ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் 9,800 கிராம். லேபலில் 450 கிராம் என்று போடுகிறீர்கள். தராசின் சிறு பிழைக்கு இடம் விட்டு ஒவ்வொன்றிலும் 455 கிராம் ஊற்றலாம். 6 மில்லிமீற்றர் கோடு 459 வரை அனுமதிப்பதால் இது அதற்குள் அடங்கும். 9,800-ஐ 455-ஆல் வகுத்தால் 21.5. ஆக 21 போத்தல் நிறையும், ஏறத்தாழ 245 கிராம் மிஞ்சும். 21.5 என்று வந்தால் 22 போத்தல் நிறையும் என்று மேலே கூட்டிவிடக் கூடாது. அரைப் போத்தல் ஜாமை யாரும் விற்க முடியாது.

ஊறுகாய்க்கும் அதே 9,800 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். 376-ஆல் வகுக்க 26 போத்தல் வருகிறது. லேபலில் 370 கிராம் என்று போடலாம். போத்தலுக்கு '450' என்று பெயர் இருக்கிறது என்பதற்காக ஊறுகாய் லேபலிலும் 450 கிராம் என்று அச்சடித்துவிடுகிறவர்கள் உண்டு. விளிம்பு வரை அமுக்கி நிரப்பினாலும் அதில் 407 கிராமுக்கு மேல் போகவே போகாது. லேபல் அடிப்பதற்கு முன் ஒரு போத்தலை நிறுத்துப் பார்த்திருந்தால் அத்தனை லேபலும் வீணாகியிருக்காது. நிறுக்காமல் ஒட்டி அனுப்பிவிட்டால் அது எடைக் குறைப்பு. செய்தவருக்கு அந்த எண்ணம் இல்லாவிட்டாலும், வாங்கியவர் நிறுத்துப் பார்த்தால் அப்படித்தான் நினைப்பார்.

ஊறுகாயில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அது வழுவழுவென்று ஓடும் பண்டம் அல்ல. துண்டுகளுக்கு இடையில் காற்று மாட்டிக்கொள்ளும். கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டே போனால் 350 கிராமிலேயே 12 மில்லிமீற்றர் கோடு வந்துவிடும். 9,800-ஐ 350-ஆல் வகுத்தால் 28 போத்தல்! இரண்டு போத்தல் கூட வந்துவிட்டதே என்று மகிழ்ச்சியாக இருக்கும். மறுநாள் பார்த்தால், காற்றுக் குமிழிகள் மேலே ஏறிப்போய், ஊறுகாய் கழுத்தைத் தாண்டித் தோள்பகுதிக்குக் கீழே இறங்கியிருக்கும். சாறு கீழே போய், மேல்துண்டுகள் காய்ந்து நிற்கும். பூஞ்சணம் முதலில் பிடிப்பது அந்தத் துண்டுகளில்தான். குறைந்ததை நிரப்பித் தீர வேண்டும், அதற்கு அந்த இரண்டு போத்தல்களையும் திறந்து கொட்ட வேண்டியதுதான்.

இதைத் தவிர்க்க, மூன்றில் ஒரு பங்கு நிரப்பியதும் சுத்தமான நீண்ட மரக்குச்சியால் போத்தலின் உட்சுவரை ஒட்டிக் குத்திவிட்டு, மடித்த துணியின் மேல் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு அடுத்த பங்கு. கடைசியில் துண்டுகளுக்கு மேலே சாறு நிற்கும்படி விடுங்கள். பிறகு தராசைப் பாருங்கள். கோடும் எடையும் ஒன்றாகச் சேர வேண்டும். கோட்டுக்கு வந்த பிறகும் தராசு 355, 360 என்று நின்றால் உள்ளே காற்று இருக்கிறது, மீண்டும் குத்துங்கள். மாறாக, எடை 376-ஐத் தொட்ட பின்னும் கோட்டுக்கு வரவில்லை என்றால் அந்தப் போத்தலுக்குத் துண்டு குறைந்து சாறும் உப்பும் அதிகமாகப் போயிருக்கிறது. தாச்சியின் அடியில் இருந்து கிளறி எடுங்கள். கண்ணை மட்டும் நம்பி நிரப்புகிறவருக்கு இந்த இரண்டும் தெரிய வராது.

இதுவரை 10 கிலோ கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டோம். ஆனால் போத்தல் வாங்கப் போவது ஜாம் காய்ச்சுவதற்கு முன்னால். விளாம்பழத்தின் எடையைப் பார்த்து ஜாமின் எடையைச் சொல்ல முடியாது. ஓடு போகும், விதை போகும், கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகப் போகும். போகாமல் நிற்பது சீனியும் பழத்தின் கரைந்த சத்தும்தான். அவை ஜாமின் எடையில் 66 சதவீதம் அளவுக்கு வரும்போது இறக்குகிறோம். எடுத்துக்காட்டாக, தண்ணீர் விட்டுக் கரைத்து வடித்த கூழ் 6 கிலோ, சீனி 6 கிலோ. கூழில் பத்தில் ஒரு பங்கு கரைந்த சத்து என்று கொண்டால் அது 600 கிராம். சீனியோடு சேர்த்து 6.6 கிலோ. இதை 0.66-ஆல் வகுத்தால் 10 கிலோ. 12 கிலோவை அடுப்பில் ஏற்றி 2 கிலோவை ஆவியாக்கி 10 கிலோவை இறக்குகிறோம் என்று பொருள்.

தாச்சியின் வெற்று எடையை முன்கூட்டியே நிறுத்து அதன் பிடியில் எழுதி வைத்தால், இறக்கும் நேரத்தையும் தராசிலேயே பார்த்துக்கொள்ளலாம். தாச்சியின் எடை போக இன்னும் 11 கிலோ காட்டுகிறது என்றால் ஜாம் இளகியிருக்கிறது. அப்போது ஊற்றினால் போத்தல் கூடுதலாக நிறையும், ஆனால் சீனி 60 சதவீதத்தில் நிற்பதால் மூடியைத் திறந்த பின் சீக்கிரம் பழுதாகும். ஊறுகாய்க்கு இப்படி முன்கணக்குப் போடுவது கடினம். உப்பில் போட்ட தேசிக்காயை எத்தனை நாள் வெயிலில் காய வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து எடை மாறும். மிளகாய்த்தூள் கலந்து முடித்த பிறகு நிறுத்துக்கொள்வதே சரி; அது ஜாமைப் போல அவசரப்படுத்தாது, இரண்டு நாள் ஜாடியில் காத்திருக்கும்.

போத்தலின் அளவை மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. தீபாவளிக்கோ பெருநாளுக்கோ சிறிய போத்தலில் கேட்கிறார்கள் என்று 200 மில்லிலீற்றர் போத்தல் வாங்குகிறீர்கள். 370-க்கு 376 கிராம் என்றால் 200-க்கு 203 கிராம் என்று விகிதம் போட்டு, 9,800-க்கு 48 போத்தல் போதும் என்று முடிவு செய்வது இயல்பு. ஆனால் இரண்டு போத்தலுக்கும் வாய் ஒரே அகலம். அதே மூடிதான் பொருந்துகிறது. 12 மில்லிமீற்றர் மேல்வெளி பெரிய போத்தலில் எடுத்துக்கொண்ட அதே 28 மில்லிலீற்றரைச் சிறிய போத்தலிலும் எடுத்துக்கொள்ளும். பெரியதில் அது 8 சதவீதம்கூட இல்லை. சிறியதில் 14 சதவீதம். மிஞ்சுவது 172 மில்லிலீற்றர், 1.10-ஆல் பெருக்கினால் 189 கிராம். 9,800-ஐ 189-ஆல் வகுக்க 51 போத்தல் வருகிறது. 48 வாங்கியவர் கையில் 700 கிராமுக்கு மேல் ஊறுகாய் மிஞ்சி நிற்கும்.

வாய் குறுகிய போத்தலில் இந்த இழப்புக் குறையும். வாயின் உள் அகலம் 55 மில்லிமீற்றருக்குப் பதிலாக 40 ஆக இருந்தால் மேல்வெளிக்கு 15 மில்லிலீற்றர்தான் போகும். ஆனால் அதற்குள் தேசிக்காய்த் துண்டை அமுக்குவது சிரமம், வாங்குகிறவர் கரண்டி விட்டு எடுப்பதும் சிரமம். ஜாமுக்குக் குறுகிய வாய், ஊறுகாய்க்கு அகன்ற வாய் என்று பிரித்துக்கொள்வதே என் பார்வையில் நல்லது.

புதிய அளவுப் போத்தல் வந்தால் மறுபடியும் ஜாம் காய்ச்சிப் பார்க்க வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றி, ஈர்க்கால் கோடு பார்த்து, நிறுத்து, உங்கள் 1.29-ஆலோ 1.10-ஆலோ பெருக்கினால் போதும். மேலே 21 போத்தல் ஜாம் போக மிஞ்சிய 245 கிராம் நினைவிருக்கிறதா? 200 மில்லிலீற்றர் போத்தலில் 6 மில்லிமீற்றர் விட்டால் 186 மில்லிலீற்றர். 1.29-ஆல் பெருக்க 240 கிராம். அடுத்த முறை 21 பெரிய போத்தலோடு ஒரு சிறிய போத்தலையும் சேர்த்துக் கொதிநீரில் போட்டு வையுங்கள்.